"நீக்கலாமா?" என்று கேட்பதா, நீக்கிவிட்டுத் திருப்பித் தருவதா?

மளிகைக் கடைகளுக்குக் கடன் நோட்டு செயலி எழுதும் நண்பர்கள் போன மாதம் எனக்கு ஒரே ஒரு திரைப்பிடிப்பை அனுப்பி, "இந்த டயலாக் பெட்டி சரியா இருக்கான்னு பார்த்துச் சொல்லுங்க" என்றார்கள். அதில் இருந்தது இவ்வளவுதான்:

> உறுதியாக இருக்கிறீர்களா?
> இந்தச் செயலை மீட்டெடுக்க முடியாது.
> [ரத்துசெய்] [சரி]

இதை அனுப்பக் காரணம் ஒரு கடைக்காரர். வாடிக்கையாளர் ஒருவரின் கணக்கில் எண்ணெய் 85 ரூபாய் இரண்டு தடவை ஏறியிருந்தது. அந்த ஒரு வரியை எடுக்க நினைத்துக் குப்பைத்தொட்டிப் படத்தை அழுத்தினார். வரிக்குப் பக்கத்திலும் ஒரு குப்பைத்தொட்டி, மேலே வாடிக்கையாளர் பெயருக்குப் பக்கத்திலும் அதே மாதிரி ஒரு குப்பைத்தொட்டி. அவர் விரல் பட்டது மேலே இருந்ததில். பெட்டி வந்தது, "சரி" அழுத்தினார், 14 வரியும் 3,240 ரூபாய் பாக்கியும் போய்விட்டன. அதற்குப் பிறகு அந்த அம்மாவிடம் "உங்களுக்கு எவ்வளவு பாக்கின்னு ஞாபகம் இருக்கா?" என்று இவரே கேட்க வேண்டியதாயிற்று. கடன் கொடுத்தவர் போய்க் கேட்கக் கூடாத கேள்வி அது.

நண்பர்களுக்குள் மூன்று கட்சி. பெட்டியின் வார்த்தையைத் திருத்தினால் போதும் என்றார் ஒருவர். பெட்டியே வேண்டாம், உடனே நீக்கிவிட்டுத் திரும்பக் கொண்டுவர வழி கொடுப்போம் என்றார் இன்னொருவர். வாடிக்கையாளர் பெயரைத் தட்டச்சு செய்தால்தான் நீங்க வேண்டும் என்றார் மூன்றாமவர். இதே இடத்தில் மாட்டிக்கொண்டு எழுதும் வாசகர்களும் இருப்பதால் மூன்றையும் எடைபோட்டுப் பார்க்கிறேன்.

## எதை வைத்து எடை போடுவது

நான்கு கேள்விகளை முதலில் எழுதிக்கொள்கிறேன்.

எந்தத் தவறைத் தடுக்கப் போகிறோம்? விரல் தவறிப் படுவது ஒன்று. தான் செய்வது சரியே என்று நம்பித் தவறான பொருளை நீக்குவது வேறு. முதலாவதைப் பெட்டி பெரும்பாலும் பிடித்துவிடும். இரண்டாவதைப் பிடிக்க வேண்டுமென்றால் எது நீங்கப் போகிறது என்பதைப் பெட்டி சொல்லியாக வேண்டும்.

ஒரு நாளில் எத்தனை தடவை வரும்? வருஷத்தில் இரண்டு தடவை வரும் கேள்வியை மனிதர் படிப்பார். நாளுக்கு இருபது தடவை வந்தால் கட்டைவிரலே பதில் சொல்லிவிடும்.

போனதைத் திருப்ப முடியுமா? நம் தரவுத்தளத்துக்குள் நடப்பதைத் திருப்பலாம். வெளியே போன பணத்தையும் குறுஞ்செய்தியையும் பெரும்பாலும் திருப்ப முடியாது.

தவறின் விலை யாருக்கு? மேலே சொன்ன கதையில் அழுத்தியவர் கடைக்காரர். ஆனால் கணக்கு மறந்துபோனதால் சங்கடப்பட்டவர்களில் அந்த அம்மாவும் உண்டு.

## வழி 1: பெட்டி இருக்கட்டும், வார்த்தையைத் திருத்துவோம்

மூன்றில் இதுதான் மலிவு. அரை நாள் வேலை. ஆனால் தமிழில் இந்த வேலைக்கென்று சில பொறிகள் உண்டு.

முதல் பொறி "ரத்துசெய்". ஆங்கிலத்தில் பெட்டியை மூடும் பொத்தானுக்கு உள்ள சொல்லை நாம் அப்படியே "ரத்துசெய்" என்று பெயர்த்து எல்லாச் செயலிகளிலும் போட்டுவிட்டோம். இதே செயலியில் பில்லை ரத்து செய்யும் இடமும் இருக்கிறது. அங்கே வரும் பெட்டி: "பில் எண் 212-ஐ ரத்து செய்யவா? [ரத்துசெய்] [சரி]". ரத்து செய்ய நினைக்கிறவர் எதை அழுத்துவார்? கேள்வியில் இருக்கும் சொல்லே பொத்தானிலும் இருப்பதால் அதைத்தான். பெட்டி மூடும், பில் அப்படியே நிற்கும், அவர் ரத்தாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டு அடுத்த வேலையைப் பார்ப்பார். பின்வாங்கும் பொத்தானுக்கு நான் எப்போதும் பரிந்துரைப்பது "வேண்டாம்". கடையில் யாரும் ஒரு பொருளை மறுக்கும்போது சொல்கிற சொல் அதுதான், எந்தக் கேள்விக்கும் ஒரே பொருளில் பொருந்தும்.

இரண்டாவது பொறி "ஆம் / இல்லை". பேச்சில் நாம் "ஆம்" என்று பதில் சொல்வதே அபூர்வம். "சாப்பிட்டியா?" என்றால் "சாப்பிட்டேன்" என்போம். "வர்றியா?" என்றால் "வர்றேன்". வினைச்சொல்லையே திருப்பிச் சொல்வது நம் வழக்கம். பொத்தானும் அப்படியே இருக்கட்டும்: "நீக்கவா?" என்ற கேள்விக்கு "நீக்கு", "வேண்டாம்". எதிர்மறைக் கேள்வி வந்தால் ஆம்-இல்லை இன்னும் மோசமாகிவிடும். "மாற்றங்களைச் சேமிக்காமல் வெளியேறவா?" என்பதற்கு "இல்லை" என்றால் சேமிக்கிறதா, வெளியேறவில்லையா? ஒவ்வொருவரும் ஒவ்வொரு மாதிரி படிப்பார்கள்.

மூன்றாவது, பெட்டி எதைப் பற்றிப் பேசுகிறது என்பது. "உறுதியாக இருக்கிறீர்களா?" என்பது அழுத்தியவரின் மனநிலையைக் கேட்கிறது. அவர் உறுதியாகத்தான் இருக்கிறார், 85 ரூபாய் வரியை எடுப்பதில். எது, எத்தனை, எவ்வளவு என்று பெட்டி சொல்லாதவரை அவருக்குத் தன் தவறு தெரிய வழியே இல்லை.

இதற்குப் பெரிய அளவில் ஒரு சாட்சி உண்டு. 2020 ஆகஸ்டில் சிட்டி வங்கி, ரெவ்லான் நிறுவனத்தின் கடனுக்கு ஏறக்குறைய 78 லட்சம் டாலர் வட்டி அனுப்ப வேண்டியிருந்தது. மென்பொருளில் மூன்று கட்டங்களைத் தேர்வு செய்ய வேண்டிய இடத்தில் ஒன்றை மட்டும் தேர்வு செய்ததால், வட்டியோடு அசலும் சேர்ந்து 90 கோடி டாலர் அளவுக்கு வங்கியின் சொந்தப் பணம் கடன் கொடுத்தவர்களுக்குப் போய்விட்டது. உள்ளிடுபவர், சரிபார்ப்பவர், ஒப்புதல் தருபவர் என்று மூன்று பேர் பார்த்தார்கள். எச்சரிக்கைப் பெட்டியும் வந்தது. பணம் வங்கியை விட்டு வெளியே போகும், தொடரவா என்று அது கேட்டது. எவ்வளவு போகும் என்பதைச் சொல்லவில்லை. வட்டி வெளியே போவது அவர்கள் எதிர்பார்த்ததுதான், ஆகவே தொடர்ந்தார்கள். அந்த வரியில் தொகை மட்டும் இருந்திருந்தால் மூவரில் ஒருவராவது நிறுத்தியிருப்பார் என்றே நான் நினைக்கிறேன்.

நம் பெட்டியை நான் திருத்தி எழுதியது:

> பொன்னம்மாள் கணக்கு முழுவதையும் நீக்கவா?
> 14 வரிகளும் ₹3,240 பாக்கியும் போய்விடும்.
> [வேண்டாம்] [கணக்கை நீக்கு]

சரியாக இருக்கிறதா என்று பார்க்க எளிய சோதனை ஒன்று: கேள்வியையும் விளக்கத்தையும் கையால் மறைத்துவிட்டுப் பொத்தான்களை மட்டும் யாரிடமாவது காட்டுங்கள். வலது பொத்தானை அழுத்தினால் என்ன ஆகும் என்று அவர் சொல்லிவிட்டால் பொத்தான் தேறியது. படிக்காமல் அழுத்துபவருக்குக் கண்ணில் படுவது அது ஒன்றுதான்.

### பொத்தான் எந்தப் பக்கம்?

இதில் நிறைய வாதம் நடக்கிறது. விண்டோஸில் செயலைச் செய்யும் பொத்தான் இடப்பக்கம், பின்வாங்குவது வலக்கோடி. மேக்கிலும் ஆண்ட்ராய்டிலும் செய்வது வலக்கோடி. ஒரே கடையில் பில் போடும் கணினி விண்டோஸாகவும் கைப்பேசி ஆண்ட்ராய்டாகவும் இருக்கும். இரண்டிலும் ஒரே வரிசை வேண்டும் என்று நம் வடிவமைப்பாளர்கள் ஆசைப்படுவார்கள். வேண்டாம் என்பது என் தீர்ப்பு. அந்தந்தக் கருவியில் மற்ற செயலிகள் எப்படி வைத்திருக்கின்றனவோ அப்படியே வையுங்கள். படித்துப் பார்க்கட்டும் என்று வேண்டுமென்றே இடம் மாற்றி வைப்பது எல்லாவற்றையும் விட ஆபத்து. பழகிய விரல் பழைய இடத்துக்கே போகும், அங்கே இப்போது "நீக்கு" இருக்கும்.

வரிசையை விட நான் உற்றுப் பார்ப்பது வேறு மூன்று இடங்களை. ஒன்று, குப்பைத்தொட்டிப் படம் இருந்த அதே இடத்துக்கு மேல் "நீக்கு" பொத்தான் வந்து நிற்கிறதா? நின்றால் பதற்றத்தில் இரண்டு தடவை தட்டியவரின் இரண்டாவது தட்டு பெட்டிக்கே சம்மதமாகிவிடும். ஃபயர்பாக்ஸ் உலாவி இந்தக் காரணத்துக்காகவே சில பாதுகாப்புப் பெட்டிகளில் பொத்தானைக் கொஞ்ச நேரம் செயலற்று வைக்கிறது. நாமும் அரை விநாடி அப்படி வைக்கலாம்.

இரண்டு, தமிழ்ச் சொல்லின் நீளம். ஆங்கிலத்தில் பக்கம் பக்கமாக நிற்கும் இரண்டு பொத்தான்கள் "கணக்கை நீக்கு" என்று வந்ததும் சிறிய திரையில் இடம் போதாமல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்படும். ஆண்ட்ராய்டு அப்படி அடுக்கும்போது செய்யும் பொத்தானை மேலே வைக்கும். எழுத்தைப் பெரிதாக்கி வைத்திருக்கும் வயதானவர்களுக்கு இது நிச்சயம் நடக்கும். ஆகவே பரிசோதனையைத் தமிழில், எழுத்தைப் பெரிதாக்கி, சின்னக் கைப்பேசியில் செய்யுங்கள்.

மூன்று, என்டர் விசை. இணையப் பக்கத்தில் `confirm()` பயன்படுத்தினால் பொத்தானின் பெயரை மாற்றவே முடியாது. உலாவி எந்த மொழியில் இருக்கிறதோ அந்த மொழிப் பொத்தான்தான் நம் தமிழ்க் கேள்விக்குக் கீழே நிற்கும். `<dialog>` எடுத்துக்கொண்டால் பெயர் நம் கையில் வரும், கூடவே பொறுப்பும் வரும்:

```html
<dialog id="d" role="alertdialog" aria-labelledby="t">
  <h2 id="t">பொன்னம்மாள் கணக்கு முழுவதையும் நீக்கவா?</h2>
  <form method="dialog">
    <button value="keep" autofocus>வேண்டாம்</button>
    <button value="delete">கணக்கை நீக்கு</button>
  </form>
</dialog>
```

பெட்டி திறந்ததும் குவியம் "வேண்டாம்" மேல் இருக்கிறது, கவனமில்லாமல் என்டர் தட்டினால் ஒன்றும் ஆகாது. இன்னொரு இடத்தில் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். Esc அழுத்தி மூடினால் `returnValue` மாறாது, முன்பு இருந்ததே இருக்கும். ஒரே பெட்டியைத் திரும்பத் திரும்பத் திறக்கும் பக்கத்தில், போன தடவை "delete" என்று மூடியிருந்தால், இந்தத் தடவை பயந்து Esc அழுத்தியவருடைய கணக்கும் நீங்கிவிடும். திறக்கும் முன் ஒவ்வொரு தடவையும் வெறுமையாக்குங்கள்:

```js
d.returnValue = "";
d.showModal();
```

மறைந்திருக்கும் செலவு: பழக்கம். வார்த்தை எவ்வளவு நன்றாக இருந்தாலும் அடிக்கடி வரும் பெட்டியை யாரும் படிக்க மாட்டார்கள். ஒரு வரியை நீக்கவும் பெட்டி, கணக்கை நீக்கவும் பெட்டி என்றால் முதல் பெட்டி இரண்டாவதைப் படிக்காமலிருக்கக் கற்றுக்கொடுக்கிறது. எங்கள் கடைக்காரருக்கு நடந்ததும் இதுதான்.

எப்போது சிறந்தது: திருப்ப முடியாத, ஆனால் அடிக்கடி நடக்காத செயலுக்கு. பாக்கி நினைவூட்டலை 60 பேருக்கு ஒரே சமயத்தில் குறுஞ்செய்தியாக அனுப்புவது மாதிரி.

## வழி 2: கேட்காமல் நீக்கி, திருப்பித் தருவது

2018 ஜனவரி 13 காலை ஹவாய்த் தீவுகளில், ஏவுகணை வருகிறது, ஒத்திகை இல்லை என்று எல்லாக் கைப்பேசிகளுக்கும் எச்சரிக்கை போனது. அனுப்பியவரிடம் மென்பொருள் உறுதி கேட்டது. அவர் சம்மதம் அழுத்தினார். உண்மையிலேயே தாக்குதல் வருகிறது என்று தான் நம்பியதாக அவர் பிறகு சொன்னார். நம்பியவரிடம் எத்தனை தடவை கேட்டாலும் அதே பதில்தான். ஒத்திகைக்கும் உண்மை எச்சரிக்கைக்கும் ஒரே கேள்விதான் வந்தது என்பதை விசாரணை குறிப்பிட்டது. என்னை அதிகம் உறுத்துவது அடுத்து நடந்தது. அது பொய் எச்சரிக்கை என்று கைப்பேசிகளுக்கு மறுசெய்தி போக 38 நிமிடம் ஆனது, ஏனென்றால் தவறைத் திருத்தும் செய்தி முன்கூட்டி எழுதி வைக்கப்படவில்லை. முன்பக்கத்தில் கேள்வி இருந்தது, பின்பக்கத்தில் திரும்பும் வழி இல்லை.

கடன் நோட்டில் திரும்பும் வழி அமைப்பது சுலபம். வரியை அழிக்காமல் நீக்கிய நேரத்தை மட்டும் குறித்து வைத்துத் திரையிலிருந்து மறைக்கிறோம். கீழே ஒரு பட்டை வருகிறது: "எண்ணெய் ₹85 நீக்கப்பட்டது. திரும்பக் கொண்டுவா". அதைத் தவறவிட்டாலும் 30 நாள் குப்பைத்தொட்டியில் கிடக்கும். "செயல்தவிர்" என்று கணினித் தமிழில் ஒரு சொல் உண்டு, கடையில் நான் கேட்ட யாருக்கும் அது புரியவில்லை. "திரும்பக் கொண்டுவா" எல்லாருக்கும் புரிந்தது.

வாட்ஸாப் 2022 டிசம்பரில் இதையே செய்தது. குழுவில் தவறாகப் போன செய்தியை "அனைவருக்கும் நீக்கு" என்பதற்குப் பதில் "எனக்கு மட்டும் நீக்கு" அழுத்திவிட்டால் தனக்கு மட்டும் மறைந்து மற்றவர் கண்ணில் நிற்கும், பிறகு ஒன்றும் செய்ய முடியாது. அதைத் திருப்ப 5 விநாடி கொடுத்தார்கள். எத்தனை பெட்டி போட்டிருந்தாலும் தீராத சிக்கல் அது, ஏனென்றால் தவறு தெரிவதே அழுத்திய பிறகுதான்.

மறைந்திருக்கும் செலவு: இங்கேதான் நிறைய. ஆண்ட்ராய்டின் அந்தப் பட்டைக்கு "நீண்ட நேரம்" என்று கொடுத்தாலும் 2.75 விநாடிதான் நிற்கும். ஒரு தமிழ் வாக்கியத்தைப் படித்து, யோசித்து, விரலைக் கொண்டுபோக அது போதாது, திரையைக் காதால் கேட்பவருக்குச் சுத்தமாகப் போதாது. 10 விநாடியாவது வையுங்கள், குப்பைத்தொட்டியும் கட்டாயம் இருக்கட்டும்.

மறைத்துவைத்த வரிகள் கணக்கிலும் புகும். மொத்தப் பாக்கியைக் கூட்டும் ஒவ்வொரு வினவலிலும் `deleted_at IS NULL` இருக்க வேண்டும். ஒன்றில் விட்டால் திரையில் இல்லாத 85 ரூபாய் மொத்தத்தில் இருக்கும், கடைக்காரர் செயலியையே நம்பமாட்டார். கைப்பேசி எண் ஒருவருக்கு ஒன்றுதான் என்று விதி வைத்திருந்தால், நீக்கிய வாடிக்கையாளரை மறுபடி சேர்க்கும்போது "இந்த எண் ஏற்கெனவே உள்ளது" என்று வரும், தேடினால் ஆள் இருக்கமாட்டார். என் விவரத்தை அழித்துவிடுங்கள் என்று வாடிக்கையாளர் கேட்டால் மறைத்து வைத்தால் போதாது, அழிக்கத்தான் வேண்டும். 30 நாள் கழிந்ததும் நிஜமாகவே அழிக்கும் வேலை ஒன்று தினமும் ஓட வேண்டும்.

எப்போது சிறந்தது: நம் தரவுத்தளத்துக்குள் நடக்கும், அடிக்கடி நடக்கும் எல்லாவற்றுக்கும்.

## வழி 3: தட்டச்சு செய்தால்தான் நீங்கும்

கிட்ஹப்பில் ஒரு களஞ்சியத்தை நீக்க அதன் பெயரைத் தட்டச்சு செய்ய வேண்டும். விரல் தவறு அறவே நிற்கும். தமிழில் இதை அப்படியே எடுத்தால் இரண்டு சிக்கல். கடைக்காரர் விசைப்பலகை ஆங்கிலத்தில் இருக்கும், பெயர் தமிழில் இருக்கும். இன்னொன்று கண்ணுக்கே தெரியாது: "பொ" என்பதில் உள்ள ஒகரக் குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம், கொம்பும் காலுமாக இரண்டு குறியாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றேதான். ஆனால் ஒப்பிட்டால் "பொன்னம்மாள்" "பொன்னம்மாள்" ஆகாது, சரியாக அடித்தவருக்குத் தவறு என்று வரும். இரு பக்கமும் `normalize("NFC")` செய்த பிறகே ஒப்பிட வேண்டும்.

இதற்கு நான் சொல்லும் மாற்று: பெயரைக் கேட்காமல் எண்ணைக் கேளுங்கள். "நீக்க, பாக்கித் தொகையை எழுதவும்: 3240". எண் விசைப்பலகை போதும், எழுத்துக் குழப்பம் இல்லை, போகப்போகும் தொகையை அவர் கண்ணால் பார்த்துக் கையால் எழுதுகிறார். 85 ரூபாய் நீக்க வந்தவர் 3240 என்று எழுதும்போது நிச்சயம் நிற்பார். நகலெடுத்து ஒட்ட முடியாதபடி தொகையைத் தேர்ந்தெடுக்க முடியாத எழுத்தாக வைக்கலாம்.

மறைந்திருக்கும் செலவு: எரிச்சல். நாளுக்கு ஒரு தடவைக்கு மேல் வந்தால் திட்டு விழும்.

எப்போது சிறந்தது: கடையின் முழுத் தரவையும் அழிப்பது, கடைக் கணக்கையே மூடுவது. வருஷத்தில் ஒரு தடவைகூட வராதவை.

## பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்

| | திருத்திய பெட்டி | நீக்கித் திருப்பித் தருவது | தட்டச்சு |
|---|---|---|---|
| விரல் தவறு | பெரும்பாலும் நிற்கும் | நடக்கும், திரும்பிவிடும் | நிற்கும் |
| நம்பிச் செய்த தவறு | எது, எவ்வளவு என்று சொன்னால் | பிறகு தெரிந்தாலும் திரும்பும் | தொகை எழுதச் சொன்னால் |
| அடிக்கடி வந்தால் | படிக்கமாட்டார்கள் | தொந்தரவு இல்லை | தாங்காது |
| வெளியே போகும் செயலுக்கு | பொருந்தும் | அனுப்புவதைத் தாமதித்தால் மட்டும் | பொருந்தும் |
| கட்டும் வேலை | அரை நாள் | ஒன்றிரண்டு வாரம் | ஒரு நாள் |

நான்காவது வரியில் சொன்ன தாமதத்துக்கு ஜிமெயில் நல்ல உதாரணம். அனுப்பிய அஞ்சலைத் திரும்ப எடுக்க 5 முதல் 30 விநாடி வரை நேரம் கொடுக்கிறது. அஞ்சல் அதுவரை கிளம்பவே இல்லை என்பதால்தான் அது முடிகிறது.

## நண்பர்களுக்கு நான் எழுதி அனுப்பியது

ஒரு வரியை நீக்கும்போது பெட்டி வேண்டாம், உடனே நீக்கிப் பட்டையைக் காட்டுங்கள். வாடிக்கையாளர் கணக்கை நீக்கும்போது பாக்கி பூஜ்யம் என்றால் அதே வழி. பாக்கி இருந்தால் திருத்திய பெட்டி, அதற்குப் பின்னால் 30 நாள் குப்பைத்தொட்டியும். அப்போது "மீட்டெடுக்க முடியாது" என்ற வரியை எடுத்துவிட்டு "30 நாள் குப்பைத்தொட்டியில் இருக்கும்" என்று எழுதுங்கள். பொய்யான பயமுறுத்தல் உண்மையான எச்சரிக்கையின் மதிப்பைக் கெடுக்கும். கடையையே மூடுவதற்கு மட்டும் தொகையைத் தட்டச்சு செய்யச் சொல்லுங்கள். மேலே இருக்கும் குப்பைத்தொட்டிப் படத்தை எடுத்து, மூன்று புள்ளிப் பட்டியலுக்குள் "கணக்கை நீக்கு" என்று எழுத்தில் வையுங்கள். இந்த ஒரு மாற்றமே பாதிச் சிக்கலைத் தீர்த்துவிடும், எந்தப் பெட்டியும் இல்லாமல்.

வெளியிட்ட பிறகு இரண்டு எண்களைக் குறித்து வரச் சொன்னேன். பெட்டி திறந்ததிலிருந்து பொத்தான் அழுத்தும் வரை எவ்வளவு நேரம்: ஒரு விநாடிக்கும் குறைவாகப் பலர் அழுத்தினால் யாரும் படிக்கவில்லை. குப்பைத்தொட்டியிலிருந்து எத்தனை பேர் எதைத் திரும்ப எடுக்கிறார்கள்: தவறு எந்தத் திரையில் நடக்கிறது என்று அது காட்டும்.

இதற்கெல்லாம் முன்னால், காப்புப் பிரதியிலிருந்து அந்த 14 வரிகளை எடுத்துக் கடைக்காரருக்குத் திருப்பிக் கொடுத்தார்கள். அந்த அம்மா ஞாபகத்திலிருந்து சொன்ன பாக்கி 3,155. எண்ணெய் ஒரு தடவைதான் வாங்கினேன் என்று சொல்லியிருந்தார். 3,240-இல் அந்த 85-ஐக் கழித்துப் பார்த்தார்கள், சரியாக வந்தது.